தொழில்முறை அறிமுகச் சுருக்கம்: தற்பெருமையும் தயக்கமும் இன்றி எழுதும் முறை

ரெஸ்யூமேயின் மேற்பகுதியிலோ லிங்க்ட்இன் போன்ற தளங்களின் அறிமுகப் பகுதியிலோ தம்மைப் பற்றி நான்கைந்து வரிகள் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். சிலர் "கடின உழைப்பும் சிறந்த தொடர்புத் திறனும் தலைமைப் பண்பும் கொண்ட வல்லுநர்" என்று தொடங்குகிறார்கள். அந்த வரியை எந்தத் தொழிலில் உள்ள யாருடைய பெயருக்குக் கீழும் அப்படியே ஒட்டிவிடலாம். வேறு சிலரோ தற்பெருமையாகிவிடுமோ என்று அஞ்சி, "கணக்குப் பிரிவில் உதவியாளராகப் பணிபுரிந்து வருகிறேன், பல்வேறு பணிகளில் பங்கேற்றுள்ளேன், வாய்ப்பு அளித்தால் என் திறமையை நிரூபிப்பேன்" என்று எழுதுகிறார்கள். இரண்டையும் படித்து முடித்த பிறகும், இவர் காலையில் அலுவலகத்துக்கு வந்து என்ன செய்கிறார் என்பது படிப்பவருக்குத் தெரிவதில்லை.

தற்பெருமையாக ஒலிப்பது எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் மற்றவை எளிதாகும். படிப்பவர் தாமாக வந்தடைய வேண்டிய முடிவை, எழுதுபவர் ஆதாரம் தராமல் முன்கூட்டியே அறிவிக்கும்போதுதான் அது பெருமையடிப்பதாகத் தோன்றுகிறது. "நான் கவனமாக வேலை செய்பவர்" என்பது ஒரு முடிவு. "மாதம் ஏறத்தாழ 900 இன்வாய்ஸ்களைச் சரிபார்க்கிறேன்" என்பது ஒரு தகவல். தகவலைத் தயங்காமல் சொல்லும் வரியே தன்னம்பிக்கையோடு ஒலிக்கும் வரி. ஆகவே, குரலைத் தாழ்த்துவதா உயர்த்துவதா என்று குழம்பிக்கொண்டிருப்பதைவிடத் தகவலைத் திரட்டுவதில் நேரத்தைச் செலவிடுவதே பயன் தரும்.

ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் இறுதி வரை எழுதிப் பார்ப்போம். மருத்துவக் கருவிகளை விநியோகிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்யும் ஒருவர், அடுத்த நிலை வேலைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு தாளில் திரட்டுங்கள்

சுருக்கத்தின் முதல் வாக்கியத்தை எழுதத் தொடங்குவதற்கு முன்பு, நீங்கள் செய்த வேலை ஒவ்வொன்றையும் பற்றி ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். என் கைக்கு என்ன வந்தது? அதை நான் என்ன செய்தேன்? அது அடுத்து யாரிடம் போனது? நான் செய்ததால் எது மாறியது? மாறியது என்பது எனக்கு எப்படித் தெரியும்? இந்தத் தாளை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால், மொழி அழகைப் பற்றிக் கவலைப்படாமல் பேச்சுவழக்கிலேயே எழுதலாம்.

நம் கணக்குப் பிரிவு ஊழியரின் தாளில் இவை இடம்பெறுகின்றன. வழங்குநர்களிடமிருந்து மாதம் ஏறத்தாழ 900 இன்வாய்ஸ்கள் அவரிடம் வருகின்றன. ஒவ்வொன்றையும் கொள்முதல் ஆணையோடும், பொருள் வந்து சேர்ந்ததாக ஸ்டோர்ஸ் பிரிவு பதிவு செய்த வரவுச் சீட்டோடும் ஒப்பிடுகிறார். மூன்றிலும் அளவும் விலையும் பொருந்தினால் பணம் வழங்கப் பரிந்துரைக்கிறார், பொருந்தாவிட்டால் நிறுத்தி வைக்கிறார். முன்பெல்லாம் அப்படி நிறுத்தி வைத்தவை மாத இறுதி வரை தேங்கி, கணக்கு முடிக்கும் நாட்களில் ஒட்டுமொத்தமாகத் தலைவலி தந்தன. அவற்றை ஓர் எக்செல் பட்டியலாக்கி, நாள்தோறும் மதியத்துக்குள் ஸ்டோர்ஸ் பிரிவுக்கு அனுப்பும் வழக்கத்தை அவர் தொடங்கினார். ஓராண்டுக்குள், மாத இறுதியில் தீராமல் நிற்கும் இன்வாய்ஸ்கள் சுமார் 70 என்ற நிலையிலிருந்து 20க்கும் கீழே வந்தன. மேலாளர் அந்தப் பட்டியலைக் குழு முழுவதும் பின்பற்றச் சொன்னார். மாதக் கணக்கை முடிக்க 8 வேலை நாட்கள் ஆனது, இப்போது 5 நாட்களில் முடிகிறது. அதே காலத்தில் மூவராக இருந்த குழுவில் நான்காவதாக ஒருவரும் சேர்ந்தார்.

ஐந்தாவது கேள்வியைப் பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள். "எனக்கு எப்படித் தெரியும்" என்பதற்கு மாதாந்திர அறிக்கை, மின்னஞ்சல், மேலாளரின் மதிப்பீடு, பழைய பட்டியல்கள் என்று ஏதாவது ஒன்று கையில் இருந்தால், அந்தத் தகவலைச் சுருக்கத்தில் துணிந்து எழுதலாம். எதுவுமே இல்லையென்றால், செய்த வேலையை மட்டும் எழுதிவிட்டு விளைவை விட்டுவிடுவதே நல்லது.

எந்த விளைவை உங்களுடையது என்று சொல்வது

மேலே உள்ள தாளைப் பார்த்ததும் கண்ணில் படுவது, 8 நாட்கள் 5 நாட்களாகக் குறைந்த செய்திதான். அனுபவம் குறைந்தவர் உடனே "மாதக் கணக்கு முடிப்பை 8 நாட்களிலிருந்து 5 நாட்களாகக் குறைத்தேன்" என்று எழுதிவிடுவார். அந்த வாக்கியத்தில் உள்ள எண்கள் உண்மை, ஆனால் "குறைத்தேன்" என்ற சொல் உண்மையைத் தாண்டிப் போகிறது. புதிதாக ஒருவர் சேர்ந்ததும், குழுவின் மற்றவர்கள் பட்டியலை ஒழுங்காக நிரப்பியதும், மேலாளரின் ஆணையும் அந்தக் குறைப்பில் பங்கு வகித்திருக்கின்றன. நேர்காணலில், "அந்தக் காலத்தில் வேறு என்ன மாற்றங்கள் நடந்தன?" என்று ஒருவர் கேட்டால், விண்ணப்பதாரர் பின்வாங்க வேண்டியிருக்கும். பின்வாங்கும் அந்த நொடியில், சுருக்கத்தில் உள்ள மற்ற வரிகளின் மீதும் ஐயம் படர்ந்துவிடும்.

பலவற்றில் ஒன்றைத் தேர்வு செய்யும்போது, உங்கள் கைக்கு மிக அருகில் நிகழ்ந்த விளைவைத் தேர்ந்தெடுங்கள். தீராமல் நின்ற இன்வாய்ஸ்களின் எண்ணிக்கை குறைந்தது என்பது அந்தப் பட்டியலோடு நேராகத் தொடர்புடையது. அது சிறிய விளைவாகத் தோன்றலாம், ஆனாலும் கேள்வி கேட்கக் கேட்க அதற்கு வலு கூடும். பட்டியலில் என்னென்ன பத்திகள் இருந்தன, ஸ்டோர்ஸ் பிரிவு முதலில் ஏன் பதில் அனுப்பவில்லை, எந்த வகைப் பொருத்தமின்மை அதிகம் வந்தது என்று அவரால் அரை மணி நேரம்கூடப் பேச முடியும். துறை அறிந்த படிப்பவர்களுக்கு, நிறுவனம் முழுவதையும் மாற்றியதாகச் சொல்லும் வரியைவிட இத்தகைய வரியே நம்பத்தக்கதாகப் படுகிறது. பெரிய விளைவைச் சொல்லியே தீர வேண்டுமென்றால், அதைக் குழுவின் விளைவாக எழுதி, அதில் உங்கள் பங்கு எது என்பதைத் தனியே குறிப்பிட வேண்டும்.

வினைச்சொல்லை உங்கள் பங்குக்கு ஏற்ப அளந்து போடுங்கள்

தற்பெருமையும் தயக்கமும் அதிகமாக ஒளிந்துகொள்ளும் இடம் வினைச்சொல். பெயரடைகளை எல்லோரும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், ஆனால் வினைச்சொல் சத்தமில்லாமல் பொய் சொல்லிவிடும். ஒரு செயலைத் தொடங்கியவர், வடிவமைத்தவர், நடத்தியவர், அதற்கு ஒப்புதல் தந்தவர், அதில் ஒரு பகுதியைச் செய்தவர் என ஒரே வேலையில் பலர் நிற்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் அந்த ஊழியர் பட்டியலைத் தொடங்கினார். அதைக் குழு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மேலாளர். எனவே "தொடங்கினேன்" என்பது சரியான சொல், "நடைமுறைப்படுத்தினேன்" என்பது ஒரு படி கூடுதல், "தலைமை தாங்கினேன்" என்பது முற்றிலும் தவறு. குழு பின்பற்றியதையும் விட்டுவிட வேண்டியதில்லை. "இப்போது குழு முழுவதும் அதைப் பயன்படுத்துகிறது" என்று தனி வாக்கியமாகச் சொன்னால், யாருடைய பங்கும் பறிபோகாமல் அதன் மதிப்பு தெரிந்துவிடும்.

எதிர்த்திசைத் தவறும் இதே அளவுக்குப் பரவலானது. தனியாகச் செய்த வேலையை "உதவினேன்", "பங்கேற்றேன்", "முயன்றேன்" என்று எழுதுவதும், "சரிபார்ப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன" என்று செய்தவரே இல்லாத வாக்கியமாக்குவதும் பணிவு ஆகாது. அவை படிப்பவருக்குத் தவறான தகவலைத் தருகின்றன. மாதம் 900 இன்வாய்ஸ்களையும் அவர் ஒருவரே ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்றால், "சரிபார்ப்பதில் உதவுகிறேன்" என்ற வரியைப் படிப்பவர், வேறு யாரோ ஒருவர் பொறுப்பில் இருப்பதாகத்தான் எண்ணிக்கொள்வார். தமிழில் வினைமுற்றே செய்தவரைக் காட்டிவிடுவதால், "நான்" என்று ஒவ்வொரு வரியிலும் தொடங்கத் தேவையில்லை. "கையாள்கிறேன்", "தொடங்கினேன்" என்ற முடிவுகளே போதும். "நான்" திரும்பத் திரும்ப வருவதால் எழும் தற்பெருமை ஒலியும் அதோடு நின்றுவிடும்.

எண்களை அவற்றின் அடிப்படையோடு தாருங்கள்

எண் சேர்த்தால் வரி நம்பத்தக்கதாகிவிடும் என்ற அறிவுரை பாதி உண்மைதான். ஓர் எண்ணுக்குப் பொருள் வர, அது எதிலிருந்து எதற்கு மாறியது என்பதும், எவ்வளவு காலத்தில் மாறியது என்பதும் தெரிய வேண்டும். இதே ஊழியர், ஒரே இன்வாய்ஸுக்கு இருமுறை பணம் வழங்கும் பிழைகளை ஆண்டுக்கு 6 என்ற நிலையிலிருந்து 1 ஆக்கினார் என்று வைத்துக்கொண்டால், அதை "83 சதவீதம் குறைத்தேன்" என்று எழுத இடமுண்டு. கணக்கு சரிதான், ஆனால் அடிப்படை எண் 6 மட்டுமே என்பதை அந்தச் சதவீதம் மறைத்துவிடுகிறது. பின்னர் அது வெளிப்படும்போது, படிப்பவர் தாம் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். "ஆண்டுக்கு 6 ஆக இருந்த இரட்டைக் கொடுப்பனவுகள் 1 ஆகக் குறைந்தன" என்ற வரி நேர்மையானது. கணக்குத் துறையில் இருப்பவருக்கு அந்த 6 என்ற எண்ணின் கனம் நன்றாகவே தெரியும். அடிப்படை எண் சிறியதாக இருக்கும்போது சதவீதத்தைத் தவிர்த்து, எண்ணிக்கையையே கொடுங்கள்.

துல்லியமாகத் தெரியாத இடத்தில் "ஏறத்தாழ", "சுமார்" என்ற சொல்லை ஒருமுறை போட்டால் போதும். "72.4" என்பதைப் போன்ற எண்ணை நினைவிலிருந்து எழுதுவது ஆபத்தானது. நிறுவனத்தின் வருமானம், வாடிக்கையாளரின் பெயர், ஒப்பந்தத் தொகை போன்றவை வெளியே சொல்லத் தகாதவையாக இருக்கலாம். அங்கெல்லாம் தொகையை விட்டுவிட்டு, எண்ணிக்கையையோ கால இடைவெளியையோ கொண்டு வேலையின் அளவைக் காட்டலாம்.

எண்ணே இல்லாத வேலைகளும் உண்டு. அப்போது வேலையின் எல்லையைச் சொல்லுங்கள். எத்தனை பிரிவுகளோடு பேச வேண்டியிருந்தது, எவ்வளவு அடிக்கடி செய்தீர்கள், நீங்கள் விலகிய பிறகும் அது பயன்பாட்டில் இருக்கிறதா, புதியவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தீர்களா என்பவையும் ஆதாரங்களே.

வாக்கியங்களாக அடுக்குதல்

இப்போது விண்ணப்பிக்கும் வேலையின் விளம்பரத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று பொறுப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தாளில் அவற்றோடு பொருந்துபவை மட்டுமே சுருக்கத்துக்குள் வர வேண்டும். மற்றவை எவ்வளவு நல்லவையானாலும், ரெஸ்யூமேயின் அனுபவப் பகுதிக்குப் போகட்டும். நம் ஊழியர் விரும்பும் வேலை மாதக் கணக்கு முடிப்பைச் சார்ந்தது என்பதால், தேக்கத்தைக் குறைத்த பட்டியல் உள்ளே வருகிறது, இரட்டைக் கொடுப்பனவு பற்றிய செய்தி வெளியே நிற்கிறது.

முதல் வாக்கியத்தில் என்ன வேலை, எந்தத் துறை, எத்தனை காலம் என்பவை இருக்க வேண்டும். அடுத்தது அன்றாடப் பொறுப்பின் அளவு. அதன் பின் ஒரே ஒரு ஆதாரம், சற்று விரிவாக. கடைசியாக, அடுத்து எதை நாடுகிறீர்கள் என்பது. இந்த வரிசைப்படி எழுதினால் இப்படி வரும்:

"மருத்துவக் கருவிகள் விநியோக நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில், வழங்குநர்களுக்கான கொடுப்பனவுகளை 4 ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். மாதம் ஏறத்தாழ 900 இன்வாய்ஸ்களைக் கொள்முதல் ஆணையோடும் சரக்கு வரவுச் சீட்டோடும் ஒப்பிட்டு, பணம் வழங்கப் பரிந்துரைப்பது என் பொறுப்பு. பொருந்தாத இன்வாய்ஸ்கள் மாத இறுதி வரை தேங்காமல் இருக்க, அவற்றை நாள்தோறும் ஸ்டோர்ஸ் பிரிவுக்கு அனுப்பும் பட்டியல் ஒன்றைத் தொடங்கினேன். ஓராண்டுக்குள், மாத இறுதியில் தீராமல் நிற்பவை சுமார் 70இலிருந்து 20க்கும் கீழே வந்தன. நால்வர் கொண்ட எங்கள் குழு முழுவதும் இப்போது அந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறது. மாதக் கணக்கு முடிப்பை முழுமையாகப் பொறுப்பேற்கும் பணியை அடுத்து நாடுகிறேன்."

இதில் எழுதியவரைப் புகழும் பெயரடை ஒன்றுகூட இல்லை. கவனம், முன்முயற்சி, பிற பிரிவுகளோடு ஒத்துழைக்கும் திறன் ஆகிய மூன்றையும் படிப்பவர் தாமே கண்டுகொள்கிறார். கடைசி வரியையும் கவனியுங்கள். "வாய்ப்பு அளித்தால் நிரூபிப்பேன்" என்ற வரியில் ஒரு கெஞ்சல் தொனி இருக்கிறது. "பணியை நாடுகிறேன்" என்பது, தான் எங்கே போக விரும்புகிறோம் என்று தெரிந்த ஒருவரின் வரி.

இன்னும் வேலைக்குச் சேராதவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். படிப்புத் திட்டம், தன்னார்வப் பணி, பகுதிநேர வேலை என எதிலும் அந்த ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். "தரவுப் பகுப்பாய்வில் மிகுந்த ஆர்வம் கொண்டவர்" என்பதைக் காட்டிலும், "இறுதியாண்டுத் திட்டத்துக்காக, கல்லூரி நூலகத்தின் மூன்று ஆண்டு இரவல் பதிவுகளைச் சீர்செய்து, ஒருமுறைகூட எடுக்கப்படாத நூல்களின் பட்டியலைத் தயாரித்தேன், கிடங்குக்கு மாற்ற வேண்டிய நூல்களைத் தேர்வு செய்ய நூலகர் அதைப் பயன்படுத்தினார்" என்ற வரி பல மடங்கு வலுவானது. ஆனால் படிப்புத் திட்டத்தை வேலை அனுபவம் போலத் தோன்றும்படி எழுதக் கூடாது. அது எங்கே செய்தது என்பதை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வரைவை ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாகப் படியுங்கள். முதலில், ஒவ்வொரு வாக்கியத்தையும் முற்றிலும் வேறு தொழிலில் உள்ள ஒருவரின் பெயருக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால், அந்த வாக்கியம் உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். அதை நீக்குங்கள், அல்லது தகவலால் நிரப்புங்கள். "குழுவோடு இணைந்து செயல்படுபவர்" என்பது இந்தச் சோதனையில் உடனே விழுந்துவிடும்.

அடுத்து, உங்கள் பக்கத்து மேசையில் இருந்து உங்கள் வேலையை நேரில் பார்த்த சக ஊழியர் இதைப் படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வரியில் அவர் புருவத்தை உயர்த்துவார் என்று உங்களுக்கே தெரியும். முடிந்தால் உண்மையிலேயே அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மிகையை மட்டுமல்ல, நீங்கள் விட்டுவிட்டதையும் அவர் சுட்டிக்காட்டுவார். தயக்கம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை வேறு இல்லை என்பது என் எண்ணம், ஏனென்றால் நாள்தோறும் செய்து பழகிவிட்ட வேலை நமக்குச் சாதாரணமாகத் தோன்றும், பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வரிக்கும் "எப்படி?" என்ற கேள்வியை உரக்கக் கேட்டு, உரக்கப் பதில் சொல்லிப் பாருங்கள். இரண்டு நிமிடம் தடையில்லாமல் பேச முடியாத வரி, நேர்காணலில் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

நீளமும் இடமும்

ரெஸ்யூமேயில் நான்கு முதல் ஆறு வாக்கியங்களுக்கு மேல் தேவையில்லை. மேலே உள்ள எடுத்துக்காட்டு அந்த அளவில்தான் இருக்கிறது. லிங்க்ட்இன் அறிமுகப் பகுதியில் 2,600 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு, பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 வரை. இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டாம். அறிமுகப் பகுதியின் முதல் சில வரிகள் மட்டுமே உடனே தெரியும், மீதி அழுத்தினால்தான் விரியும். ஆகவே வணக்கம் சொல்லியோ வாழ்க்கைத் தத்துவத்தை முன்வைத்தோ தொடங்காமல், வேலையும் துறையும் உள்ள வாக்கியத்தையே முதலில் வையுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருங்குறியில் புள்ளியும் துணை உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகளாகவே சேமிக்கப்படுகின்றன. "தமிழ்" என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறிகள். குறிகளை எண்ணும் படிவங்களில், கண்ணால் எண்ணி எழுதியதைவிட விரைவாக எல்லை வந்துவிடும். கடைசி வாக்கியம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதைச் சேமித்த பிறகு கைபேசித் திரையில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமேயும் இணையப் பக்கமும் ஒரே ஆண்டுகளையும் ஒரே எண்களையும் சொல்கின்றனவா என்பதையும் அப்போதே பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் 900 என்றும் மற்றொன்றில் "ஆயிரத்துக்கும் மேல்" என்றும் இருந்தால், இரண்டையும் படிப்பவர் எதையும் நம்பமாட்டார்.